பரிசல் துடுப்பும் ஒரு மில்லி வெள்ளையும்

மாங்கனிக் கண்காட்சி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது அந்தக் கோப்பு வந்தது. அனுப்பியவர் காவேரிப்பட்டணத்துக் கல்லூரி மாணவி. படம் வரைவதில் நல்ல கை. தோழிகள் இருவரோடு சேர்ந்து கண்காட்சிக்கு வெளியே ஒரு சின்னக் கடை போடப் போகிறார்களாம். ஏ4 அளவில் ஒரு தாள், அதில் பன்னிரண்டு ஸ்டிக்கர், மொத்தம் 200 தாள் வேண்டும். கிளிமூக்கு மாங்காய், கிருஷ்ணகிரிக் கோட்டை மலை, ஒகேனக்கல் பரிசல், கொம்பில் ரிப்பன் கட்டிய எருது, கேழ்வரகுக் கதிர், ஔவைக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனி என்று கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்தையும் ஒரே தாளில் கொண்டுவந்திருந்தார். பார்த்த உடனே பிடித்துப்போனது. அடுத்த நிமிடமே, இதை இப்படியே மெஷினில் ஏற்றினால் பாதித் தாள் கழிவுக் கூடைக்குத்தான் போகும் என்றும் தெரிந்தது.

கிருஷ்ணகிரியில் நான் நடத்துவது சின்னக் கடை. ஒரு வினைல் பிரிண்டர், அச்சானதை பிளேடால் வெட்டும் ஒரு கட்டிங் பிளாட்டர், கட்டிங் ஓட்ட ஒரு தம்பி. பெரும்பாலும் வண்டி நம்பர், கடை போர்டு, மாம்பழப் பெட்டி லேபிள்தான் வேலை. ஸ்டிக்கர் தாள் மாதத்துக்கு மூன்று நான்கு வந்தால் அதிகம். ஆனால் நான் அதிகம் அடி வாங்கியது அதில்தான். இரண்டு வருடம் முன்பு ஒரு வளைகாப்பு ஆர்டரில், வந்த கோப்பைச் சரியாகப் பார்க்காமல் 150 தாள் ஓட்டிவிட்டேன். வெள்ளை ஓரம் ஒருபக்கம் இருந்தது, மறுபக்கம் காணோம். தப்பு முழுக்க என்னுடையது, பணமும் என்னுடையதுதான். அதன்பிறகு கோப்பைப் பிரித்துப் பார்க்காமல் பிரிண்ட் கொடுப்பதில்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் எல்லாவற்றையும் டை கட் என்றுதான் சொல்கிறோம். வினைல், பின்தாள் இரண்டையும் சேர்த்து அறுத்துத் தனித்தனித் துண்டாக எடுப்பதுதான் டை கட். ஸ்டிக்கர் தாளில் மேலே உள்ள வினைலை மட்டும் பிளேடு அறுக்கும், பின்தாள் அப்படியே இருக்கும். அது கிஸ் கட். இரண்டுக்கும், பிளேடு போக வேண்டிய வழியைக் காட்டும் கட் லைன் போடும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கிஸ் கட்டில் பல ஸ்டிக்கர் ஒரே தாளில் நெருங்கி இருப்பதால், ஒன்றுக்கும் பக்கத்திலிருப்பதற்கும் நடுவில் எவ்வளவு இடம் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

கோப்பைத் திறந்ததும் நான் படத்தைப் பார்ப்பதில்லை. படம் இருக்கும் லேயரை மறைத்துவிட்டு கட் லைனை மட்டும் பார்ப்பேன். வண்ணம் கண்ணை ஏமாற்றும். வெறும் கோட்டைப் பார்த்தால் பிளேடு போகப்போகும் வழி தெரியும். எங்கள் மென்பொருளுக்கு கட் லைன் `CutContour` என்ற பெயருள்ள ஸ்பாட் கலரில் இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அதை வெட்டாமல் மெஜந்தா கோடாக அச்சடித்துவிடும். அந்தப் பெயரைச் சரியாகவே கொடுத்திருந்தார். அடுத்து எண்ணினேன். பன்னிரண்டு ஸ்டிக்கர் என்றால் பன்னிரண்டு மூடிய கோடுகள் இருக்க வேண்டும். பல கோடுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்த கூட்டுப் பாதைகளை எல்லாம் பிரித்துவிட்டு எண்ணினால் பதினைந்து வந்தது.

மூன்று எங்கிருந்து வந்தது?

இரண்டு கிடைத்தது ‘ஒகேனக்கல்’ என்று எழுத்தாகவே இருந்த ஸ்டிக்கரில். எழுத்தின் வடிவத்தைச் சுற்றியே கட் லைன் போட்டிருந்தார். க், ல் இரண்டுக்கும் மேலே உள்ள புள்ளி எழுத்திலிருந்து 2.2 மி.மீ. தள்ளி நின்றது. வெள்ளை ஓரம் 1 மி.மீ. எழுத்துப் பக்கமிருந்து ஒன்று, புள்ளிப் பக்கமிருந்து ஒன்று, மொத்தம் 2 மி.மீ. நடுவில் இன்னும் 0.2 இடைவெளி மிச்சம். அதனால் புள்ளிகள் இரண்டும் தனித்தனி வட்ட ஸ்டிக்கராகிவிட்டன, ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலத்தில். வாங்குகிறவர் ஸ்டிக்கரை உரித்தால் புள்ளி பின்தாளிலேயே தங்கிவிடும். தண்ணீர் பாட்டிலில் ‘ஒகேனககல’ என்று ஒட்டிக்கொண்டு போவார். ஆங்கிலத்தில் ஐ, ஜே என்ற இரண்டு சின்ன எழுத்துக்குத்தான் இந்தத் தொல்லை. தமிழில் மெய்யெழுத்து வந்த இடமெல்லாம் உண்டு. தமிழில் ஸ்டிக்கர் வரைகிறவர்கள் முதலில் எண்ண வேண்டியது புள்ளியைத்தான்.

மூன்றாவது கோடு பரிசலில் இருந்தது. பரிசலோட்டி துடுப்பைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். துடுப்புக்கும் அவர் கைக்கும் பரிசல் விளிம்புக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோணம். மென்பொருள் அதையும் ஒரு ஓட்டை என்று எடுத்துக்கொண்டு உள்ளே ஒரு கட் லைன் போட்டுவிட்டது. அந்த முக்கோணத் துண்டை 200 தாளிலும் ஊசியால் குத்தி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிக்கும்போது அது துடுப்பையும் இழுத்துக்கொண்டு வரும். உள்கோட்டை அழித்துவிட்டு அந்த இடத்தை வெள்ளையாக விட்டால் வேலை முடிந்தது. யாரும் அதைக் குறை என்று சொல்லப்போவதில்லை.

அந்தப் பரிசலிலேயே இதைவிடப் பெரிய வில்லங்கம் இருந்தது. அதை எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது, அளந்தால்தான் தெரியும். படம் முழுக்க வெள்ளை ஓரம் 1 மி.மீ. இருக்க, துடுப்பை ஒட்டி மட்டும் கோடு நெருக்கமாக வந்தது. அளந்தேன், 0.4 மி.மீ. காரணம் எளிது. துடுப்பை அவர் வடிவமாக வரையவில்லை, 1.2 மி.மீ. தடிமனுள்ள ஒற்றைக் கோடாக இழுத்திருந்தார். படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில், ஓரத்தைத் தள்ளிப் போட `Offset Path` கொடுத்தால் அது கோட்டின் வெளி விளிம்பிலிருந்து அளக்காது, நடுவிலிருந்து அளக்கும். 1 மி.மீ. தள்ளு என்றால் நடுவிலிருந்து 1 தள்ளும். அதில் 0.6 கோட்டின் பாதித் தடிமனுக்கே போய்விடும். மிச்சம் 0.4. முதலில் `Outline Stroke` கொடுத்துக் கோட்டை வடிவமாக மாற்றிவிட்டு, எல்லாவற்றையும் `Unite` செய்து ஒரே நிழலுருவாக்கி, அப்புறம்தான் ஓரம் போட வேண்டும்.

இதே குழி வேறு உருவத்திலும் வரும். சிலர் வெள்ளை ஓரத்தையே ஒரு தடித்த வெள்ளைக் கோடாகப் போடுவார்கள். 2.5 மி.மீ. கோடு கொடுத்தேன், ஆனால் ஓரம் அவ்வளவு இல்லையே என்பார்கள். கோடு பாதைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக உட்கார்ந்திருக்கும், வெளியே தெரிவது 1.25தான்.

போன் போட்டேன்.

“அண்ணா, ஃபைல் ஓகேவா? நாளைக்கே எடுத்துக்கலாமா?”

“படம் அருமைம்மா. ஆனா வெள்ளை ஓரம் ஒரு எம்எம்தான் வெச்சிருக்க. அது பத்தாது.”

“ஓரம் மெலிசா இருந்தாத்தானே அண்ணா அழகா இருக்கும்? தடியா போட்டா சின்னப் பசங்க ஸ்டிக்கர் மாதிரி ஆயிடும்.”

இந்தக் கேள்விக்கு போனில் பதில் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது என்று எனக்கு அனுபவம். “கடைக்கு வந்துட்டுப் போம்மா, காட்டறேன்” என்றேன்.

வெள்ளை ஓரத்தை அழகுக்காக என்று நினைக்கிறோம். பாதி உண்மை. அது பிளேடு தள்ளிப் போவதை மறைக்கும் திரையும்கூட. பிரிண்டர் அச்சடித்து முடித்த தாளைக் கழற்றி, லேமினேஷன் போட்டு, வேறு மெஷினில் மாட்டி வெட்டுகிறோம். தாளின் மூலைகளில் அச்சாகியிருக்கும் கறுப்பு ரெஜிஸ்ட்ரேஷன் மார்க்குகளை பிளாட்டரின் கண் படித்து, படம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும். பளபள லேமினேஷனில் வெளிச்சம் பட்டால் கண் கொஞ்சம் தடுமாறும். வினைல் பிரிண்டரின் சூட்டில் ஒரு சிட்டிகை நீளும். உருளைகள் இழுக்கும்போது தாள் மயிரிழை சாயும். எல்லாம் சேர்ந்து என் மெஷினில் அரை மி.மீ. வரை தள்ளும். நல்ல நாளில் 0.2தான். ஆனால் நல்ல நாளை நம்பிக் கோப்புப் போடக் கூடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓரம் 1 மி.மீ., தள்ளல் அரை மி.மீ. ஒருபக்கம் 0.5, மறுபக்கம் 1.5. ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்கு. எந்தக் கண்ணுக்கும் கோணலாகத் தெரியும். அதே தள்ளல், ஓரம் 2.5 என்றால் ஒருபக்கம் 2, மறுபக்கம் 3. ஒன்றரை மடங்குதான். பக்கத்தில் வைத்து அளந்தால் ஒழியத் தெரியாது. பிளேடு தள்ளியது இரண்டிலும் ஒரே அளவு, கண்ணுக்குத் தெரிவதுதான் வேறு. அப்படியானால் 5 மி.மீ. வைத்துவிடலாமே என்றால், 25 மி.மீ. குட்டி ஸ்டிக்கரில் பக்கத்துக்கு ஐந்து போனால் பாதிக்கும் மேல் வெள்ளைதான் மிஞ்சும். என் தாள்களில் இரண்டரை, பெரிய ஸ்டிக்கருக்கு மூன்று. ஓரமே வேண்டாம் என்றாலும் சரிதான், படத்தை கட் லைனுக்கு வெளியே 2 மி.மீ. வரை நீட்டி பிளீட் கொடுத்துவிடலாம். ஓரம் இல்லாததும் தாங்கும், அகலமானதும் தாங்கும். நடுவில் மாட்டிய ஒரு மில்லிதான் எதற்கும் உதவாது.

மறுநாள் மாலை அவர் ஒரு தோழியோடு வந்தார். திரையில் கட் லைனை ஒரு நகல் எடுத்து, அதற்கு நீல நிறம் கொடுத்து, `Move` கட்டளையில் வலப்புறம் 0.5, கீழே 0.5 என்று தள்ளிவைத்தேன். நீலக் கோடுதான் பிளேடு நிஜமாகப் போகக்கூடிய வழி. மாங்காயில் ஒருபக்கம் வெள்ளை நூலாக ஓடியது. மூலைக்கு மூலை சேர்த்துத் தள்ளியதால் சாய்ந்த துடுப்பில் நீலக் கோடு படத்தின் மேலேயே ஏறி ஓடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தோழிதான் “அய்யய்யோ, துடுப்பு போச்சுடி” என்றாள்.

துடுப்புக்கு வேறொரு ஆபத்தும் இருந்தது. 0.4 வெள்ளை, 1.2 துடுப்பு, மறுபடி 0.4 வெள்ளை. மொத்தம் 2 மி.மீ. அகலத்தில் பரிசலிலிருந்து 22 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வினைல் குச்சி அது. உரிக்கும்போதே சுருண்டு தன்மேல் ஒட்டிக்கொள்ளும். தப்பித்து போன் கவரில் ஏறினாலும், பாக்கெட்டில் இரண்டு நாள் போய்வந்தால் முனை தூக்கும், தூக்கிய முனையில் தூசி ஏறும், அவ்வளவுதான். ஸ்டிக்கரின் எந்தக் கழுத்தும் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. துடுப்பை 2 மி.மீ. தடிமனாக்கி, இருபுறமும் 2.5 வெள்ளை விட்டால் 7 மி.மீ. வரும். கல்லாட்டம் நிற்கும்.

இந்த இடத்தில் இடப் பிரச்சினை வந்தது. தாளின் அகலம் 210. மார்க்குக்கும் பிடிமானத்துக்கும் பக்கத்துக்குப் பத்து விட்டால் கையில் 190. படம் ஒவ்வொன்றும் 60 அகலம், ஒரு வரிசையில் மூன்று. அவர் கணக்கில் ஓரத்தோடு 62, மூன்றுக்கு 186, நடுவில் இரண்டு சந்து, சந்துக்கு 2 மி.மீ. சரியாக 190. ஆனால் ஓரம் இரண்டரை ஆனால் ஒவ்வொன்றும் 65. சந்தும் 2 மி.மீ. போதாது, 4 வேண்டும். இரண்டு கட் லைனுக்கு நடுவே மெல்லிய பட்டைதான் இருந்தால், உரிக்கும்போது நகம் பட்டையையும் பக்கத்து ஸ்டிக்கரையும் சேர்த்துக் கிளப்பிவிடும். மூன்று அறுபத்தைந்து, இரண்டு நாலு, மொத்தம் 203. பதின்மூன்று மி.மீ. அதிகம்.

“அப்ப வரிசைக்கு ஒரு ஸ்டிக்கரையே எடுத்துடணுமா அண்ணா?”

வேண்டாம். படத்தை 60லிருந்து 55.5க்குக் குறைத்தால் ஓரத்தோடு 60.5, மூன்றுக்கு 181.5, சந்து 8, மொத்தம் 189.5. ஏழரை சதவீதம் சிறிதாக்க வேண்டும். ஏழரை என்றதும் இருவரும் சிரித்தார்கள். ஆனால் வரிசை முக்கியம். படத்தை முதலில் சுருக்கிவிட்டு, அப்புறம் ஓரம் போட வேண்டும். ஓரத்தோடு சேர்த்துச் சுருக்கினால் இரண்டரை 2.3 ஆகிவிடும், கட் லைன் கணக்கெல்லாம் மாறும். சுருக்கும்போது `Scale Strokes & Effects` டிக் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிக் இல்லாவிட்டால் படம் மட்டும் சிறுத்து, கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். எருதின் கண்ணிமை புருவமாகிவிடும்.

சுருக்கியது நுணுக்கங்களை இன்னும் நுணுக்கமாக்கியது. பரிசலின் மூங்கில் பின்னலை அவர் உண்மையாகவே ஆசையோடு வரைந்திருந்தார், குறுக்கும் நெடுக்கும் நாற்பதுக்கு மேல் கோடு. ஒவ்வொன்றும் 0.25 பாயிண்ட், அதாவது 0.09 மி.மீ. கூட இல்லை. நிறமோ வெளிர் காப்பி. திரையில் 600 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் தெரியும், அங்கேதான் மயங்கிவிடுகிறோம். வெளிர் நிறத்தை பிரிண்டர் பல மைகளின் புள்ளிகளாகத்தான் தெளிக்கும். புள்ளிக்கும் கோட்டுக்கும் ஏறத்தாழ ஒரே பருமன் என்றால் கோடு எங்கே நிற்கும், அழுக்குப் படிந்த மாதிரி ஒரு புகைதான் வரும். என் மெஷினில் அடர் நிறக் கோடு 0.25 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, வெளிர் நிறக் கோடு 0.4. அடர் பின்னணியில் வெள்ளைக் கோடு என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன், இருபுறமும் மை உள்ளே ஊறிக் கோட்டைச் சாப்பிடும்.

பின்னலை அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. நாற்பதைப் பன்னிரண்டாக்கி, 0.3 மி.மீ. அடர் பழுப்பில் போடச் சொன்னேன். “பின்னல் மாதிரி தெரிஞ்சாப் போதும், எண்ணிப் பார்க்கப் போறதில்ல.” முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் பழைய பின்னலையும் புதியதையும் நூறு சதவீத அளவில் ஒரு துண்டு வினைலில் அச்சடித்துக் காட்டியதும் தானாகவே பேனாவை எடுத்துவிட்டார்.

எழுத்தும் அப்படித்தான். கோட்டை மலைக்கு அடியில் ‘கிருஷ்ணகிரி’ என்று 5 பாயிண்டில், அதுவும் தடித்த எழுத்தில். ஷ்ண என்ற இடத்தில் ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு மையாகத் திரண்டிருந்தன. ஆங்கிலம் அந்த அளவில் சமாளித்துவிடும், நம் ண, ஞ, ணி எல்லாம் சமாளிக்காது. 8 பாயிண்ட், தடிமன் இல்லாத சாதாரண எழுத்து. இடம் போதாததால் மலைக்கு அடியில் இருந்த இரண்டு மரத்தை எடுத்தோம்.

நெல்லிக்கனி வட்டத்தில் ஒரு விஷயம் பலரும் கவனிக்காதது. கட் லைனுக்கு 1.2 மி.மீ. உள்ளே, விளிம்புக்கு இணையாக அரை மி.மீ. தடிமனில் ஒரு பச்சை வளையம். இதைவிடக் கொடுமையான அளவுகோல் கிடையாது. பிளேடு அரை மி.மீ. தள்ளினால் ஒருபக்கம் 0.7, எதிர்ப்பக்கம் 1.7 என்று வளையமே அளந்து ஊருக்குக் காட்டும். வளையம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அவருக்கு அது வேண்டும். 1.5 மி.மீ. தடிமனாக்கி, விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி முடித்தோம்.

அப்புறம் எருதின் கொம்பும் கேழ்வரகுக் கதிரும். கொம்புகளுக்கு நடுவில் குறுகிய பள்ளம், கதிரின் விரல்களுக்கு நடுவிலும் அப்படியே. கட் லைன் அந்தச் சந்துகளுக்குள் போய்க் கூர்மையான மூலையில் திரும்பி வருகிறது. பிளேடின் முனை அதன் சுழலும் அச்சிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும், வண்டியின் பின்சக்கரம் மாதிரி இழுபட்டுத்தான் வரும். கூர்மூலையில் சுழன்று திரும்பும்போது வினைலைக் கிழிக்கும், இல்லாவிட்டால் மூலை சரியாக வெட்டுப்படாமல் நிற்கும். உரிக்கும்போது அந்த உள்மூலையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

இதற்கு நான் செய்வது ஒரே ஒரு வித்தை. ஓரத்தை நேராக 2.5 போடாமல், முதலில் 4.5 மி.மீ. வெளியே தள்ளு, மூலை `Round`. வந்த வடிவங்களை `Unite` செய். அப்புறம் அதிலிருந்து 2 மி.மீ. உள்ளே இழு, அதாவது `-2`. கூட்டிக் கழித்தால் ஓரம் அதே இரண்டரைதான். ஆனால் வெளியே போனபோது குறுகிய சந்துகள் மூடிக்கொண்டன, உள்ளே வந்தபோது அவை திறப்பதில்லை. படத்தில் 9 மி.மீ.க்குக் குறைவான சந்தெல்லாம் வெள்ளையாக நிரம்பிவிடும், மிஞ்சும் உள்மூலைகள் எல்லாம் குறைந்தது 2 மி.மீ. ஆரத்தில் வளைந்துவிடும். கதிர் ஒரு உருண்டையான முட்டியாக, அழகாக வந்தது. மூலையை `Miter` என்று விட்டிருந்தால் கதிரின் முனையிலிருந்து ஈட்டி மாதிரி ஒன்று நீட்டியிருக்கும், அதையும் பார்த்திருக்கிறேன்.

‘ஒகேனக்கல்’ எழுத்துக்கும் அதையே செய்தோம். புள்ளிகள் இரண்டும் அம்மா இடுப்பில் ஏறிய குழந்தை மாதிரி எழுத்தோடு சேர்ந்துகொண்டன. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு.

ஒரு நாள் கழித்து திருத்திய கோப்பு வந்தது. எல்லா அளவும் சரி. ஒரு தாள் அச்சடித்து, லேமினேஷன் போட்டு, வெட்டிப் பார்த்தோம். கிஸ் கட் ஆழம் சரி, பின்தாளில் லேசான கீறல் மட்டும். ஆனால் மாங்காயை உரித்துக் கையில் பிடித்தபோது அதன் இடது விளிம்பில் ஒரு மஞ்சள் நூல். எல்லா ஸ்டிக்கரிலும் இடப்பக்கம் அதே நூல்.

இது நான் கோட்டைவிட்டது. வெள்ளை ஓர ஸ்டிக்கர் வெள்ளைத் தாளில் இருந்தால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது என்பதற்காக, தாளின் பின்னணிக்கு அவர் வெளிர் மஞ்சள் கொடுத்திருந்தார். நல்ல யோசனைதான், நானும் தலையாட்டினேன். ஆனால் மஞ்சள் கட் லைன் வரைக்கும் வந்து நின்றது. வெள்ளை முடியும் இடமும் பிளேடு போகும் இடமும் ஒரே கோடு. அன்றைக்குத் தள்ளல் 0.4 மி.மீ., அந்த 0.4 மஞ்சளாக ஸ்டிக்கரோடு வந்துவிட்டது. படத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே இடம் விட்டேன், வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் விட மறந்தேன். திரையில் நீலக் கோட்டைத் தள்ளிப் பார்த்தபோது படம் இருந்த பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

தீர்வு எளிது. வெள்ளையையும் பிளீட் போல நீட்ட வேண்டும். கட் லைனிலிருந்து இன்னும் 1 மி.மீ. வெளியே வரை வெள்ளை, அதற்கப்புறம்தான் மஞ்சள். பிளேடு அரை மி.மீ. எந்தப் பக்கம் போனாலும் வெள்ளையில்தான் விழும். சந்து 4 மி.மீ. இருந்ததால் இருபுறமும் ஒவ்வொன்று போக நடுவில் 2 மி.மீ. மஞ்சள் மிஞ்சியது. சந்தை இரண்டாகவே விட்டிருந்தால் இதற்கு இடமே இருந்திருக்காது. தாளில் பார்க்கும்போது ஓரம் 3.5 மி.மீ. போலத் தெரியும், உரித்தால் இரண்டரை. அந்த வித்தியாசத்தை யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் சோதனைத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அக்கா பேத்தியிடம் கொடுத்தேன். ஏழு வயது, நகம் கடிக்கும் பழக்கம், அதனால் நல்ல சோதனையாளர். பன்னிரண்டையும் உரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். பரிசலை உரிக்கும்போது துடுப்பு முனையிலிருந்துதான் தொடங்கினாள், சுருளவில்லை. எருதின் வால் மட்டும் மடிந்து ஒட்டிக்கொண்டது. அது 5 மி.மீ. அகலம், என் கணக்குக்கு உள்ளேதான். ஆனால் நீளம் முப்பதைத் தாண்டியது. நீளமான குச்சிக்கு அகலமும் கூட வேண்டும் என்று அப்போதுதான் புத்தியில் ஏறியது. வாலை உடம்போடு ஒட்டி வளைத்து வரைந்து அனுப்பச் சொன்னேன், அரைமணியில் வந்தது.

200 தாளையும் நீளவாக்கில் மூன்று மூன்றாக ஓட்டினோம். நான்கு மூலை மார்க்கும் ஒவ்வொரு தாளுக்கும் தனியாக வைத்ததால், முதல் தாளுக்கும் மூன்றாவதற்கும் தள்ளலில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்துக்கு ஒன்று எடுத்து மாங்காயின் இடம், வலம் இரண்டையும் அளந்தேன். மிக மோசமானது இடப்பக்கம் 2.1, வலப்பக்கம் 2.9. ஏழு தாள் கழிவானது, அதில் ஐந்து லேமினேஷன் குமிழி, இரண்டு தம்பி தாளைக் கோணலாக மாட்டியது.

கண்காட்சிக்கு முந்தைய நாள் வந்து வாங்கிப்போனார். ஒரு தாளைப் பிரித்து, பரிசலை உரித்து, கல்லாப்பெட்டியின் மூடியில் அவரே ஒட்டிவிட்டுப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.